வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு மடல்

வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், அக்கா தங்கைகளுக்கும், பண்டிகைக்கு வந்து எட்டிப் பார்க்கும் சித்தப்பா, அத்தை, மாமாக்களுக்கும்,



மறதி நோய் வந்த தாயை அல்லது தந்தையை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலான குடும்பங்களில் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் போன் செய்கிறார்கள், பணம் அனுப்புகிறார்கள், விடுமுறைக்கு வருகிறார்கள். இந்த மடல் அந்த மற்றவர்களுக்கு. உங்கள் பாசத்தைக் குறைசொல்ல இது எழுதப்படவில்லை. வந்த இடத்தில் நீங்கள் ஆறுதலாகச் சொல்லும் சொற்கள் சில, பார்த்துக்கொள்கிறவரை முன்னைவிடத் தனியாக்கிவிட்டுப் போகின்றன. ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு விடை பாதி அந்த நோயிலேயே இருக்கிறது. நோயைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், எதைச் சொல்லலாம் என்பதும் தானாகத் தெரியவரும்.

இது அபூர்வமான வீடுகளின் கதையும் இல்லை. இந்தியா முழுவதும் முதியோரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஏறக்குறைய 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் விகிதம் கூடுதல்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு குடும்பம் இல்லை. இந்த நோய் நுழைந்த வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பதையெல்லாம் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து பார்ப்பதற்காகத்தான். அம்மாவுக்கு 79 வயது, அல்சைமர் என்று மருத்துவர் சொல்லி நாலு வருடம். மூத்த மகள் கூடவே இருக்கிறாள். மகன் சென்னையில், இளையவள் கோயம்புத்தூரில்.

பொங்கலுக்கு மகன் வருகிறான். வாசலிலேயே அம்மா கையைப் பிடித்துக்கொள்கிறார். "வாப்பா, வா. சாப்டியா? இளைச்சுட்டியே. பிள்ளைங்கல்லாம் நல்லா இருக்குதா?" மகனுக்கு மனசு லேசாகிறது. காப்பி குடித்தபடி அக்காவிடம் சொல்கிறான்: "அம்மா நல்லாத்தானே இருக்காங்க. நீதான் ரொம்பக் கவலைப்படுறே."

அவன் சொன்னது ஆறுதல். அக்காவின் காதில் விழுந்தது வேறு: "நீ சொன்னதையெல்லாம் நான் நம்பலை."

இங்கே நடப்பது என்ன? அல்சைமர் முதலில் சிதைப்பது புதிய செய்தியைப் பதிந்துவைக்கும் திறனை. வாயில் அறுபது எழுபது வருடம் புழங்கிய உபசாரப் பேச்சு வேறு வகை நினைவு. அது நெடுநாள் தாக்குப்பிடிக்கக்கூடியது. கவனித்துப் பாருங்கள்: அம்மா பேரன்களின் பெயரைச் சொல்லவில்லை, "பிள்ளைங்க" என்றார். எந்த வேலை, எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. எந்த வீட்டில் யார் வந்தாலும் பொருந்துகிற வாக்கியங்கள் அவை. புதிதாக ஒருவர் வந்ததும், இருக்கிற திறனையெல்லாம் திரட்டி நோயாளி நிமிர்ந்து உட்காருவதும் உண்டு. மருத்துவரின் அறைக்குள் பத்து நிமிடம் தெளிவாகப் பேசிவிட்டு, வீடு திரும்பியதும் குழம்பிப்போகிறவர்கள் பலர். அந்த முயற்சிக்கான களைப்பு பிறகு வருகிறது. அது வரும்போது விருந்தாளி பஸ் ஏறியிருப்பார்.

மாலை ஐந்து மணிக்குமேல் இருந்து பார்த்தால்தான் நோயின் இன்னொரு முகம் தெரியும். உடலின் கடிகாரத்தை நடத்தும் மூளைப்பகுதியும் இந்த நோயில் பழுதாகிறது. வெளிச்சம் மங்கி நிழல்கள் நீளும்போது பதற்றம் கூடுகிறது. அந்த வீட்டில் ஆறு மணிக்கு அம்மா புடவைகளை ஒரு பையில் திணிக்கத் தொடங்குவார். "வீட்டுக்குப் போகணும். எங்கம்மா தேடுவாங்க." அம்பது வருடம் குடியிருந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு சொல்வார். கதவைப் பூட்டினால் அழுகை. "உங்கம்மா செத்து நாப்பது வருஷம் ஆச்சு" என்று உண்மையைச் சொன்னால், அந்தச் சாவு அம்மாவுக்கு அப்போதுதான் நடந்ததாக ஆகும். மகள் கற்றுக்கொண்டது இது: "போலாம்மா, சாப்பிட்டுப் போலாம்" என்று கையைப் பிடித்துக் கொல்லைவரை நடத்திக் கூட்டிவந்து, தோசை ஊற்றிக் கொடுப்பது. சில நாள் பலிக்கும். பலிக்காத நாளில் இரவு இரண்டுவரை போகும்.

ஆகவே மகன் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் எளிமையானது. "பகல்ல என்கிட்ட நல்லாப் பேசுனாங்க. ராத்திரி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா. நீ சொல்லு." இதில் ஆறுதல் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இரவுகளைப் பார்த்த ஒரே சாட்சி அவள்தான் என்பதை இது ஒப்புக்கொள்கிறது. அவளுக்கு நெடுநாளாகக் கிடைக்காதது அதுதான்.

இன்னொரு வாக்கியம் இதைவிட ஆபத்தானது: "வயசானா இப்படித்தான்." டிமென்ஷியா முதுமையின் இயல்பான பகுதி இல்லை. தைராய்டு குறைவு, பி12 சத்துக்குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும் அல்லது கூட்டும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஏற்கெனவே நோய் உள்ளவர் ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால், சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, நீர்ச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம். "நேத்திலேருந்து என்னமோ வேற மாதிரி இருக்காங்க" என்று மகள் போனில் சொல்லும்போது "வயசானா இப்படித்தான்" என்று சொன்னால், ஒரு தொற்றைப் பார்க்காமல் விட்டுவிட நேரும். அங்கே சொல்ல வேண்டியது, "இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிருவோம், வண்டிக்கு நான் சொல்றேன்."

அடுத்தது, குடும்பங்களையே பிரித்துவிடுகிற விஷயம். அம்மா ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்கிறார்: "என் சங்கிலியை இவ எடுத்துட்டா. எனக்குச் சோறு போடுறதே இல்ல." சங்கிலி அரிசிப் பானைக்குள் இருக்கிறது, அவரே பத்திரப்படுத்தியது. வைத்த நினைவு பதியவில்லை. பொருள் காணோம் என்பது மட்டும் தெரிகிறது. இடையில் உள்ள இடைவெளியை மனம் ஒரு கதையால் நிரப்புகிறது, அந்தக் கதையில் திருடனாக யார் வருவார்? எப்போதும் பக்கத்தில் இருப்பவர்தான். சாப்பிட்டதும் இப்படியே மறந்துபோகிறது.

இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த அலாய்ஸ் அல்சைமர், 1901இல் ஃபிராங்க்ஃபுர்ட்டில் பார்க்கத் தொடங்கிய 51 வயதுப் பெண் ஔகுஸ்டே டேட்டர். 1906 நவம்பரில் ட்யூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அவருடைய நிலையை அல்சைமர் எடுத்துச்சொன்னார். அந்த நோயாளியிடம் முதலில் கண்ட அறிகுறியாக அவர் குறிப்பிட்டது, கணவர்மீது எழுந்த சந்தேகத்தை. பதிவான முதல் நோயாளியிலேயே, பழி கூடவே இருந்தவர்மேல்தான் விழுந்தது.

சங்கிலிப் பேச்சு கோயம்புத்தூர்வரை போய்ச்சேர்ந்ததும், தங்கை போன் செய்கிறாள். "அம்மா ஏன்க்கா அப்படிச் சொல்றாங்க?" கேள்வி அப்பாவித்தனமானதுதான். அக்காவுக்கு அது விசாரணை. தங்கை இப்படித் தொடங்கியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்: "சங்கிலி விஷயம் கேள்விப்பட்டேன். நோய்தான் பேசுதுன்னு தெரியும். அதைக் கேட்டுக்கிட்டு நீ எப்படிக்கா அடுத்த வேளை சோறு ஊட்டுனே?" நம்பிக்கையை முதலில் வைத்துவிட்டுக் கேள்வியைப் பின்னால் கேட்கிற இந்த வரிசை முக்கியம். அக்கம்பக்கத்தாரிடமும் உறவுகளிடமும் "அக்கா மேல எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்ல" என்று தங்கையே சொல்லிவிடுவது இன்னும் பெரிய ஆறுதல். அதை அக்கா தன் வாயால் சொல்லிக்கொள்ள முடியாது.

இனி, சோர்வு. பார்த்துக்கொள்கிறவரைப் பார்த்து நம் ஊரில் அதிகம் சொல்லப்படுவது, "நீ தெய்வம்மா. உனக்கு எல்லாப் புண்ணியமும் உண்டு." சொல்கிறவர் மனமாரத்தான் சொல்கிறார். கேட்கிறவளுக்கோ வாய் அடைத்துப்போகிறது. முந்தின நாள் இரவு மூன்றாவது முறை படுக்கை நனைந்தபோது, "ஏம்மா இப்படிப் படுத்துறே" என்று அவள் கத்தியிருக்கிறாள். கையைக் கொஞ்சம் வேகமாக இழுத்திருக்கிறாள். பிறகு சமையலறையில் நின்று அழுதிருக்கிறாள். தெய்வம் என்று சொல்பவரிடம் இதைச் சொல்ல முடியுமா?

பராமரிப்பவர்களின் சுமையை அளக்க உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்விப்பட்டியல் ஒன்று உண்டு. ஸ்டீவன் ஸாரிட் என்ற முதியோர் நல ஆய்வாளர் 1980இல் சகாக்களுடன் உருவாக்கியது. இப்போது பரவலாகப் புழங்கும் வடிவத்தில் 22 கேள்விகள். நோயாளியின் அருகில் இருக்கையில் கோபம் வருகிறதா, உடல்நலம் கெட்டிருக்கிறதா, இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. இந்தக் கோபம் எதிர்பார்க்கப்படுகிற ஒன்று. இரத்த அழுத்தத்தைப் பார்ப்பதைப் போல அதையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். உறவினர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. "கோபம் வர்ற நாளும் இருக்கும்ல?" என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். அவள் சொல்லத் தொடங்கினால் நடுவில் சமாதானம் சொல்லாமல் முழுக்கக் கேளுங்கள்.

கேட்டபின் சொல்வதில் ஒரு நுட்பம் உண்டு. "நீ அலுத்துப்போயிருக்கே, ஆனா அம்மா மேல உனக்கு எவ்வளவு பாசம்!" என்கிறோம். அந்த "ஆனா" அலுப்பைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. அவளுக்குள் இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றதைக் குறைப்பதில்லை. "நீ ரொம்ப அலுத்துப்போயிருக்கே. அம்மா மேல உசிரா இருக்கே. ரெண்டும் தெரியுது." இப்படிச் சொன்னால் எதையும் அவள் மறுத்துப் பேச வேண்டியிருக்காது. கத்திவிட்ட நாளில், "ராத்திரி மூணு மணிக்கு யாரா இருந்தாலும் கத்தியிருப்பாங்க. காலையில எழுந்து நீதானே குளிப்பாட்டிவிட்டே" என்று நடந்ததை நடந்தபடியே சொல்லலாம்.

ஒரு எல்லையைச் சொல்லியாக வேண்டும். கத்துவது அடிப்பதாக மாறியிருந்தால், அல்லது "ரெண்டு பேரும் சேர்ந்து போயிடலாம்னு இருக்கு" என்று அவள் சொன்னால், அது ஆறுதல் சொற்களின் நேரம் இல்லை. அன்றே யாராவது அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அவள் அந்த இரவு தனியாக இருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண் 14416, முதியோர் உதவி எண் 14567. அவளுக்காக நீங்களே பேசலாம்.

"அம்மாவுக்குத்தான் எதுவும் ஞாபகம் இல்லையே, நான் செய்றது தெரியவா போகுது?" என்று அவள் கேட்பாள். இதற்கு உண்மையான ஆறுதல் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் தனித்தனியாகக் காட்டினார்கள். சில நிமிடங்களிலேயே பார்த்தவற்றில் பெரும்பகுதி அவர்களுக்கு மறந்துவிட்டது. ஆனால் காட்சி எழுப்பிய உணர்ச்சி, நினைவு போன பிறகும் அவர்களிடம் தங்கியிருந்தது. சோகத்தில் ஒரு விசித்திரமும் தெரிந்தது: எவருக்குக் காட்சி குறைவாக நினைவிருந்ததோ அவரிடம் அது கூடுதலாகத் தங்கியது.

ஆகவே, "நீ தலை வாரிவிட்டது அம்மாவுக்கு ஞாபகம் இருக்காது, அந்த நிம்மதி அவங்ககிட்ட இருக்கும்" என்று சொல்வது வெறும் தேற்றுதல் இல்லை. அதற்கு ஆய்வின் ஆதாரம் உண்டு. ஆனாலும் இதை எந்த நாளில் சொல்வது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தோஷம் தங்குவதைப்போலவே வருத்தமும் தங்கும் என்பதுதான் அந்த ஆய்வின் மறுபாதி. அவள் கத்திவிட்டுக் குமுறிக்கொண்டிருக்கும் நாளில் இதைச் சொன்னால், தன் கோபமும் அம்மாவிடம் தங்கியிருக்கும் என்றுதான் அவள் கணக்குப் போடுவாள். அம்மா சிரித்த நாளில், பழைய பாட்டைக் கேட்டுத் தாளம் போட்ட நாளில் சொல்லுங்கள்.

கடைசியாக, யாருக்கும் சொல்ல வராத வாக்கியம். அவளே ஒருநாள் சொல்வாள்: "அம்மா சீக்கிரம் போய்ச்சேர்ந்தா தேவலைன்னு இருக்கு." உடனே நாம், "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதே" என்போம். அவள் அதற்குப் பிறகு அதைச் சொல்ல மாட்டாள், நினைப்பாள்.

அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், முடிவு தெரியாத இழப்பு என்ற கருத்தை 1970களில் முன்வைத்தார். போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைப் படித்தவர் அவர். காணாமல்போனவர் உடலால் இல்லை, மனத்தில் இருக்கிறார். டிமென்ஷியா வீட்டில் இது தலைகீழ்: ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், பழைய மனிதர் இல்லை. இரண்டிலும் துக்கம் உண்டு, அதற்கு முடிவு மட்டும் கிடையாது. நம் ஊரில் சாவுக்கு எவ்வளவு ஏற்பாடு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஊர் கூடும், ஒப்பாரி உண்டு, பால் தெளிப்பு உண்டு, பதினாறாம் நாள் காரியம் உண்டு, துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் மாதக்கணக்கில் வருவார்கள். "நீ யாரும்மா?" என்று அம்மா முதன்முதலாகக் கேட்ட அன்று அந்த மகளிடம் துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை. அன்றைக்கும் அவள் சாதம் வடித்து, மாத்திரை கொடுத்து, ரப்பர் ஷீட் அலசிப் போட வேண்டியிருந்தது.

அம்மா போய்விட வேண்டும் என்ற நினைப்பில் அம்மாவின் வேதனை முடிய வேண்டும் என்பதும், தன் களைப்பு முடிய வேண்டும் என்பதும் கலந்திருக்கிறது. பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. "உன் அம்மாவை நீ கொஞ்சம் கொஞ்சமா இழந்துக்கிட்டே இருக்கே. அதோட முதுகு ஒடிய வேலையும் செய்றே. இப்படித் தோணாம எப்படி இருக்கும்? என்கிட்டச் சொல்லு, வேற யார்கிட்டயும் போகாது." பேச்சு இவ்வளவில் நிற்கலாம். அதே வாக்கியத்தை நீங்களாகத் தொடங்குவது வேறு. "பாவம், சீக்கிரம் போனா நல்லது" என்று வந்தவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவது கொடுமை. அதைச் சொல்லும் உரிமை அவளுடையது மட்டும். ஹோமில் சேர்க்கும் பேச்சும் அப்படியே. "விட்டுடேன்" என்றோ "விட்டுடாதே" என்றோ முடிவைச் சொல்லாமல், "நீ எந்த முடிவு எடுத்தாலும் செலவுலயும் பழியிலயும் எங்களுக்கும் பங்கு உண்டு" என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். அதைச் சொல்ல மனம் வராவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

"எது வேணும்னாலும் கேளு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். தூக்கம் கெட்டவளிடம், என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஆறுதலுக்குக் கிழமையும் மணியும் வேண்டும். "ரெண்டாவது சனிக்கிழமை காலையில வந்துர்றேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம்வரை அம்மா என் பொறுப்பு. அந்த ராத்திரி நீ மாடியில போய்த் தூங்கு." மகன் இதைச் சொல்லி, வந்தும் விட்டால், முதல் இரவிலேயே அவன் குழம்பிப்போவான். அம்மா அவனைத் தன் தம்பி என்று நினைத்துத் திட்டலாம், மாத்திரையைத் துப்பலாம். அக்காவைக் கூப்பிட்டு இறக்கிவிடாமல் அந்த இரவைத் தாண்ட, முன்கூட்டியே அவளிடம் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்: மாத்திரையை எதில் பொடித்துக் கொடுப்பாள், எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, கழிப்பறைக்கு எத்தனை மணிக்கு அழைத்துப்போவாள், எந்தப் பாட்டுக்கு அம்மா அமைதியாவார், வாசல் கதவின் மேல் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது. அந்தக் குறிப்பைச் சொல்லும்போதுதான், தனக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதை அவளும் முதன்முறையாகக் கேட்பாள்.

அம்மா காலமான பிறகும் இந்த மடலுக்கு வேலை இருக்கிறது. "இனிமே உனக்கு விடுதலை" என்று யாராவது சொல்வார்கள். அவளுக்கு நிம்மதியும் வந்திருக்கும், அந்த நிம்மதியை நினைத்துக் குற்ற உணர்வும் வந்திருக்கும். நள்ளிரவில் எழுந்து பழகிய உடம்பு இன்னும் பல வாரம் அதே நேரத்துக்கு விழிக்கும். காரியம் முடிந்து எல்லாரும் ஊர் திரும்பியபின் அவளுடைய ஒரு நாளில் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. இத்தனை வருடத்தில் அவள் தள்ளிப்போட்ட கண் பரிசோதனை, சர்க்கரை, இரத்த அழுத்தம், முதுகுவலிக்கான எக்ஸ்ரே எல்லாம் அப்படியே நிற்கின்றன. சென்னைக்கு அழைத்துப் போய் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தம்பி தேதி வாங்கி வைக்கட்டும், டிக்கெட்டும் அவனே போடட்டும்.